எட்டு மேசையும் ஒரு விடையும்

அரை மார்க் அக்கா என்ற பட்டம் அவளுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. விடைத்தாள் திருத்தும் மையத்தில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் வாசலில் இருக்கும் காவலாளிகூட யாரென்று கேட்பார். ஒரு முறை, நாற்பத்தேழரையில் நின்றுபோன ஒரு தாளுக்காக முக்கால் மணி நேரம் வாதாடி, அரை மார்க்கைக் கூட்டுவதற்குப் பதிலாக, நியாயப்படி இன்னொரு அரை மார்க்கைக் குறைக்கத்தான் வேண்டும் என்று தானே கண்டுபிடித்துக் குறைத்தவள் அவள். அன்றைக்கு வைத்த பெயர். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

கல்லூரியில் அவள் அரசியல் பாடம் நடத்துகிறவள். வருஷத்துக்கு ஒரு தடவை, தேர்வு முடிந்ததும், பன்னிரண்டு நாள் இந்த மையத்துக்கு வருவாள். ஒரு பெரிய கூடம், எட்டு மேசை, மேசைக்கு ஒரு தலைவரும் ஆறு பேரும், தலைக்கு மேல் கடகடவென்று சுற்றும் விசிறிகள். சுவரில் ‘பேசாதீர்கள்’ என்று எழுதி ஒட்டியிருக்கும். அதன் கீழ் உட்கார்ந்துதான் எல்லாரும் பேசுவார்கள். திருத்துகிறவர்களுக்குச் சிவப்புப் பேனா. மேசைத் தலைவருக்குப் பச்சை. கூடத்தின் கோடியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தலைமைத் தேர்வாளர் மேடத்துக்கு மட்டும் ஊதா. ஊதா மை பட்ட தாளை அப்புறம் ஒருவரும் தொட முடியாது.

அவளுடைய நான்காம் மேசைக்குத் தலைவர் டிக் சார். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர், நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவரிடம் ஒரே ஒரு வியாதி. விடைக்குறிப்பில் ஐந்து குறிப்பு இருந்தால், தாளில் அந்த ஐந்தும் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் டிக். இல்லாவிட்டால் கிடையாது. ஒரு தாளுக்கு நாலு நிமிஷம். கடிகாரமே அவரைப் பார்த்துத்தான் நேரம் கற்றுக்கொண்டிருக்கும் என்று மேசையில் பேசிக்கொள்வார்கள்.

இரண்டாம் நாள் காலை, பதினோரு மணித் தேநீருக்குச் சற்று முன், அவள் எட்டாம் கேள்வியில் இருந்தாள். கேள்வி இதுதான்: ‘கூட்டாட்சி சிறுபான்மையினரைப் பாதுகாக்கிறது. இக்கூற்றை மதிப்பிடுக. இருநூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக.’ பத்து மார்க். விடைக்குறிப்பில் ஐந்து குறிப்புகள்: அதிகாரப் பகிர்வு, எழுதப்பட்ட அரசமைப்பு, இரண்டு அவைகள், சுதந்திரமான நீதிமன்றம், மொழி உரிமை. ஒன்றுக்கு இரண்டு மார்க்.

அறுபது தாள் தாண்டியிருந்தது. அறுபதிலும் அதே ஐந்து, சிலவற்றில் வரிசைகூட மாறவில்லை. கண் ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் ஓட, அறுபத்தோராவது தாளில் மொழி உரிமை ஒரு டிக், நீதிமன்றம் ஒரு டிக், ஆக நாலு மார்க் என்று எழுதி, வட்டம் போட்டு, கையொப்பத்தையும் கிறுக்கி முடித்தாள். தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தாள். இரண்டாவது வாய்க்குக் கோப்பையைத் தூக்கியபோது, அந்தத் தாளில் ‘எங்கே’ என்று ஒரு சொல் பார்த்தோமே என்று தோன்றியது. இந்தக் கேள்விக்கு ‘எங்கே’ எதற்கு? தாளை மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படித்தாள்.

“கூட்டாட்சி ஒரு சிறுபான்மையைப் பாதுகாக்குமா என்பது, அந்தச் சிறுபான்மை எங்கே வாழ்கிறது என்பதைப் பொறுத்தது. நாட்டில் சிறுபான்மையாகவும் ஒரு மாநிலத்தில் பெரும்பான்மையாகவும் இருப்பவர்களுக்கு அது காப்பு. எங்கும் சிறுபான்மையாகச் சிதறி வாழ்பவர்களுக்கு அது தானாகக் காப்பு ஆவதில்லை. சில வேளை எதிராகவும் திரும்பும்.

“முதல் வகைக்குக் கனடா சான்று. நாட்டில் பிரெஞ்சு மொழியினர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர். கியூபெக் மாகாணத்தில் பெரும்பான்மையினர். அதனால் 1977இல் தம் மொழியைக் காக்கும் சட்டத்தைத் தாமே இயற்ற முடிந்தது. மாகாண எல்லை இங்கே காப்புச் சுவரானது.

“ஆனால் சுவருக்கு உள்ளேயும் சிறுபான்மை உண்டு. அதே சட்டம், கியூபெக்கில் சிறுபான்மையான ஆங்கில மொழியினரின் பெரும்பாலான கடைப் பலகைகளில் ஆங்கிலத்தைத் தடுத்தது. இதைவிடக் கடுமையான சான்று அமெரிக்காவின் தென்மாநிலங்கள். கறுப்பின மக்களைப் பிரித்துவைக்கும் சட்டங்களுக்கு ‘மாநில உரிமை’ கேடயமாயிற்று. அவற்றை உடைத்தது மாநிலம் அன்று: 1954இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், 1964, 1965ஆம் ஆண்டுகளின் மத்தியச் சட்டங்களும்.

“மேலவை இருக்கிறதே எனலாம். மேலவை மாநிலங்களுக்கு இடம் தருகிறது, சிறுபான்மையினருக்கு அன்று. தமக்கென மாநிலம் இல்லாதவர்களுக்கு அங்கும் நாற்காலி இல்லை.

“ஆகவே கூட்டாட்சி தனித்து நின்று ஒருபோதும் சிறுபான்மையினரைப் பாதுகாப்பதில்லை. அடிப்படை உரிமைகளும், அவற்றை மாநிலங்களுக்கு எதிராகவும் நிலைநாட்டும் நீதிமன்றமும் உடன் வேண்டும்.”

தேநீர் ஆறிப்போனது அவளுக்குத் தெரியவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு சின்ன விடையை அவள் படித்ததில்லை. முதல் வரியிலேயே பதில். அடுத்து ஆதரவுக்கு ஒரு சான்று. அதே சான்றைத் திருப்பிப் போட்டு ஒரு மறுப்பு. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று தானே யோசித்து அதற்கும் ஒரு பதில். 1977, 1954 என்று குறித்த ஒவ்வொரு ஆண்டும் சும்மா எழுதப்பட்டதில்லை, ஒரு வேலை செய்கிறது. கடைசிப் பத்தியில் மட்டும் ஏதோ ஒரு சொல் செருப்புக்குள் மணல் மாதிரி உறுத்தியது. ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள்.

இதற்குத்தான் அவள் நாலு போட்டிருந்தாள். நினைக்க நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. தான் மற்றவர்களைப் போல இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தவள், கண்ணை மூடிக்கொண்டு டிக் போட்டிருக்கிறாள்.

சரி, அடித்துவிட்டு ஒழுங்காகப் போடலாம் என்றால் அது அவ்வளவு சுலபம் இல்லை. சிவப்பில் வட்டம் போட்ட மார்க்கை மாற்ற வேண்டுமென்றால், பக்கத்தில் மேசைத் தலைவரின் பச்சைக் கையொப்பம் வேண்டும். அவள் தாளை எடுத்துக்கொண்டு டிக் சாரிடம் போனாள்.

“சார், இந்த நாலை மாத்தணும். ஒன்பதுக்குக் குறையாது.”

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். நாலு நிமிஷம் பார்த்தார். “மொழி இருக்கு. நீதிமன்றம் இருக்கு. அதிகாரப் பகிர்வு எங்கம்மா?”

“மாகாணம் தானே சட்டம் போட்டதுன்னு சொல்லியிருக்காங்களே சார், அதுதானே அதிகாரப் பகிர்வு?”

“வார்த்தை இல்லையே. இரண்டு அவையைப் பத்திச் சொல்லியிருக்காங்க, ஆனா அதுல பிரயோஜனம் இல்லைன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு எப்படி டிக் போடறது? பாதி டிக்கா?” தன் நகைச்சுவையைத் தானே ரசித்துக்கொண்டார். “கனடாவை ஒரு தடவை நல்லதுக்கு, ஒரு தடவை கெட்டதுக்கு இழுத்திருக்காங்க. முன்னுக்குப் பின் முரண்.”

“அது முரண் இல்ல சார், அதுதான் சார் விடையே! கேள்வி ‘மதிப்பிடுக’ன்னு கேக்குது. ‘பட்டியலிடுக’ன்னா கேட்டிருக்கு?”

மேசையிலிருந்த மற்ற ஐந்து பேரும் தலையைத் தூக்கினார்கள். டிக் சார் நியாயமானவர், ஆகவே அவர்களையும் கேட்டார். ஒருவர், “குறிப்புல இல்லாததுக்குக் கொடுத்தா நாளைக்கு நம்மளைக் கேப்பாங்க” என்றார். இன்னொருவர், “இதுக்கு ஒன்பது போட்டா நான் ஐஞ்சும் எழுதினவங்களுக்குப் போட்ட மார்க்குக்கு என்ன அர்த்தம்?” என்றார். மூன்று பேர் சிரித்தார்கள். ஐந்துக்கு ஒன்று.

“குறிப்போட கடைசிப் பக்கத்துல ‘ஏற்கத்தக்க பிற விடைகளுக்கும் மதிப்பெண் வழங்கலாம்’னு இருக்கு சார்.”

“இருக்கு. யார் ஏத்துக்கணும்? மேசைத் தலைவர். மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க, அந்தந்த மேசைப் பிரச்சினையை அந்தந்த மேசையிலயே முடிச்சுக்கணும்னு. மேசை முடிவு பண்ணியாச்சு.” குரலைத் தாழ்த்தி, நிஜமான அக்கறையோடு சொன்னார்: “இதோட விடுங்கம்மா. மேசையோட ஒத்துப்போகாதவங்களை வீட்டுக்கு அனுப்பறதுக்கும் விதி இருக்கு. உங்களை இழக்க எனக்கு இஷ்டம் இல்ல.”

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தாள் கட்டுக்குள் போனது. நாளை மாலை கட்டுகள் சீல் வைக்கப்படும். அதற்குள் பச்சையோ ஊதாவோ படாவிட்டால் அந்த நாலு நாலுதான். தாளில் பெயர் கிடையாது, ஏழு இலக்கத்தில் ஒரு மறை எண் மட்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, நன்றாக எழுதியிருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பார். அவர் தேர்வு முடிவைப் பார்த்துவிட்டு, நான்தான் தப்பாக யோசிக்கிறேன் போல என்று முடிவு கட்டுவதை அவளால் தாங்கவே முடியவில்லை. அறிவை அப்படித்தான் கொல்கிறார்கள், சத்தமில்லாமல், சிவப்பு மையில்.

சாயங்காலம் கணவர் வந்து அழைத்துப் போனார். அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். வண்டியில் அவள் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதித்த மிதியில் வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றது.

“மைய வாசல்லயே யார் மேலயோ கோவம்னு புரிஞ்சுது. என் வண்டி என்ன பண்ணுச்சு?” என்றார் அவர்.

வீட்டில் அவரோடு அவள், இரண்டு பெண்கள், அவருடைய அக்காவான அண்ணி. சாப்பாட்டு மேசையில், மறை எண் என்ன என்று சொல்லாமல், விஷயத்தை மட்டும் சொன்னாள். பெண்கள் இருவரும் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்கள். அண்ணி குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

“எனக்குப் புரியல” என்றாள் அண்ணி. “அந்தந்த இடத்துல அவங்கவங்க ஆண்டுக்கிட்டா எல்லாருக்கும் நல்லதுதானே?”

சட்டென்று கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். “அக்கா, இந்த வீட்டுல ஃபேன் வேகமா ஓடினா ஆகாத ஆள் யாரு?”

“நீ ஒருத்தன்தான். மூணுக்கு மேல வெச்சா உனக்குத் தும்மல் வந்துடும்.”

“போன மாசம் என்ன தீர்மானம் போட்டீங்க? ஒவ்வொரு ரூம்லயும் அங்க இருக்கிறவங்க சொல்றதுதான் சட்டம்னு. பொண்ணுங்க ரூம்ல ரெண்டு ஓட்டு, ஃபேன் அஞ்சு. சமையல்கட்டுல நீயும் இவளும், அஞ்சு. ஹால்ல நாலுக்கு ஒண்ணு, அஞ்சு. எங்க ரூம்ல ஒண்ணுக்கு ஒண்ணு, செல்றது இவ ஓட்டுதான். நான் எங்க போவேன்? குளியலறையில மட்டும்தான் நான் பெரும்பான்மை. அதுவும் பத்து நிமிஷம், அப்புறம் கதவைத் தட்டறீங்க.”

பெரியவள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள். சின்னவள், “அப்பாவுக்கு பால்கனியைத் தனி மாநிலமாக் கொடுத்துடலாம்” என்றாள்.

“அங்க ஃபேனே கிடையாதுடி!”

அரை மார்க் அக்கா சிரிக்கவில்லை. கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது. ஒவ்வொரு அறையிலும் தோற்கிற ஒரே ஆள். அறைக்கு அறை சுயராஜ்யம் கொடுத்தால் அவருக்கு லாபம் இல்லை. வீடு முழுவதற்கும் ஒரு விதி, மூன்றுக்கு மேல் கூடாது என்று யாராவது சொன்னால்தான் உண்டு. சரி, மையத்தில்? ஐந்துக்கு ஒன்று என்று தோற்றது நான்காம் மேசையில் மட்டும்தானா?

“ஏங்க” என்றாள், “நாளைக்கு என்னைக் கொஞ்சம் சீக்கிரமாக் கொண்டுபோய் விடுங்க.”

மறுநாள் காலை, கையொப்பமிடும் வரிசையில் நின்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாள். எட்டாம் கேள்வியில், குறிப்புக்கு வெளியே நல்ல விடை ஏதாவது பார்த்தீர்களா? பெரும்பாலானவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆனால் இரண்டாம் மேசைக்காரர் ஒருவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, “ஒண்ணு இருந்துச்சு அக்கா. மேசையில ஒத்துக்கல. நான்தான் தப்பாப் படிக்கிறேன்னு விட்டுட்டேன்” என்றார். ஏழாம் மேசையில் குள்ளக் குடை மேடம் என்று பெயர் வாங்கியவள், “எனக்கு ரெண்டு” என்றாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. எல்லாரிடமும் கேட்க முடியவில்லை.

பத்து மணிக்கு ஒத்திசைவுக் கூட்டம். மேடம் கண்ணாடித் தடுப்பைவிட்டு வெளியே வந்து, எல்லா மேசையும் ஒரே அளவுகோலில் திருத்துகிறதா என்று பார்க்கிற அரை மணி நேரம் அது. மேடம் உயரமானவர், குறைவாகப் பேசுகிறவர், வீணாகும் நிமிஷத்தை முகத்தில் காட்டிவிடுகிறவர். மேசைத் தலைவர்கள் எழுந்து பதில் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

“எட்டாம் கேள்வி. ஏதாவது பிரச்சினை?”

“ஒண்ணாம் மேசை, இல்லை மேடம்.” “ரெண்டாம் மேசை, இல்லை மேடம்.” வரிசையாக வந்தது. டிக் சார் ஒரு கணம் அவள் பக்கம் பார்த்தார். பிறகு, “நாலாம் மேசை, பேசித் தீர்த்தாச்சு மேடம்” என்றார். எட்டாம் மேசையும் இல்லை என்றது.

“நல்லது. ஒன்பதாம் கேள்வி…”

“மேடம்.”

எழுந்தது தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கூடத்தில் ஐம்பத்தைந்து தலைகள் திரும்பின. டிக் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“மேசைத் தலைவர் பேசிட்டாரே” என்றார் மேடம்.

“ஆமா மேடம். எட்டு மேசைக்கும் பிரச்சினை இல்லைதான். எட்டு மேசையிலயும் ஒவ்வொருத்தருக்கு இருக்கலாம். மேசை மேசையாக் கேட்டா அவங்க கணக்குல வரமாட்டாங்க. இந்தக் கேள்விக்கு, குறிப்புல இல்லாத, ஆனா நல்ல விடையைப் பார்த்து, மேசையில தோத்துப்போனவங்க யாரு யாருன்னு கூடம் முழுக்க ஒரே தடவையாக் கேளுங்க. யாரும் கை தூக்கலைன்னா நானே பையை எடுத்துட்டுக் கிளம்பறேன்.”

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “சரி. கை தூக்குங்க.”

அவள் தன் கையைத் தூக்கினாள். ஒரு கை. கூடத்தின் விசிறிகள் அவ்வளவு சத்தம் போடும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. பிறகு இரண்டாம் மேசையில் ஒன்று, காதுவரை தூக்கி, தயங்கி, மேலே போனது. ஏழாம் மேசையில் குள்ளக் குடை மேடம் இரண்டு தாளுக்கும் சேர்த்து இரண்டு கையையும் தூக்கினாள். ஐந்தில் ஒன்று. ஒன்றில் இரண்டு. எட்டில் ஒன்று, பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. எண்ணினால் பத்துப் பேர். ஒரே மேசையில் ஆறு பேர்தான் உட்கார முடியும். இந்தப் பத்துப் பேரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தால் ஒரு மேசை அவர்களுடையது. சிதறி உட்கார்ந்திருந்ததால் எட்டு மேசையிலும் அவர்கள் இல்லாதவர்கள்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தான் மட்டும்தான் என்று ஒரு நாள் முழுக்க நினைத்திருந்தாளே!

மேடம் கைகளை எண்ணி முடித்தார். “அந்தத் தாளைக் கொண்டுவாங்க” என்றார்.

டிக் சார்தான் கட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார். மேடம் வாங்கி, உரக்கப் படித்தார். அவர் அதிகம் பேசாதவரே தவிர, படிக்கத் தெரிந்தவர். ‘அந்தச் சிறுபான்மை எங்கே வாழ்கிறது’ என்ற இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, இன்னும் கீழே இறங்காத அந்தக் கைகளைப் பார்த்தார். ‘தமக்கென மாநிலம் இல்லாதவர்களுக்கு அங்கும் நாற்காலி இல்லை’ என்று முடிந்ததும் யாரோ “அப்பா!” என்றார்கள்.

“இதுக்கு நாலு மார்க்” என்றார் மேடம்.

“போட்டது நான்தான் மேடம்” என்றாள் அவள். “டிக் எண்ணிப் போட்டேன். அப்புறம்தான் படிச்சேன்.”

“மாத்தக் கூடாதுன்னது நான் மேடம்” என்றார் டிக் சார். “நேத்து நாலு நிமிஷம் இந்தத் தாளை வெச்சிருந்தேன். இப்பதான் முதல் தடவையா முழுசாக் கேக்கறேன். அஞ்சு குறிப்பும் எழுதினவங்க, கூட்டாட்சின்னா என்னன்னு எழுதியிருக்காங்க. இவங்க மட்டும்தான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதியிருக்காங்க.” திரும்பி அவளைப் பார்த்தார். “என்னை மன்னிச்சிடுங்கம்மா.”

எத்தனை முதல்வர்கள் இப்படி ஐம்பது பேர் முன்னால் சொல்லியிருப்பார்கள்? அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷமே எங்கே போனதென்று தெரியவில்லை.

மேசைப் பிரச்சினையை மேசையிலேயே முடிக்கச் சொன்ன முதல்நாள் ஆணையை மேடம் அங்கேயே மாற்றினார். விடைக்குறிப்பில் இல்லாத விடை வந்தால், ஒரே ஒருவர் கேட்டாலும், மேசையைத் தாண்டித் தன்னிடம் வரலாம். எட்டாம் கேள்விக்கு இதுவரை திருத்திய தாள் அத்தனையும் மறுபடி படிக்கப்படும். குறிப்புகளை எண்ணுவதோடு வாதத்துக்கும், சான்று அந்த வாதத்தைத் தாங்குகிறதா என்பதற்கும், எதிர்த்தரப்புக்குப் பதில் இருக்கிறதா என்பதற்கும் மார்க் உண்டு. இந்த விடையை நகலெடுத்து எட்டு மேசையிலும் வைக்க வேண்டும், மாதிரி விடையாக. இதைவிட நல்லதும் கெட்டதும் இதன் பக்கத்தில் வைத்துத்தான் அளக்கப்படும்.

கூடம் கைதட்டியது. சுவரில் ‘பேசாதீர்கள்’ என்று எழுதியிருந்ததே தவிரக் கைதட்டக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. குள்ளக் குடை மேடம் மேசையில் குடையால் தட்டினாள். காவலாளி கதவைத் திறந்து எட்டிப்பார்த்து, சண்டை இல்லை என்று தெரிந்ததும் ஏமாற்றத்தோடு மூடிக்கொண்டார்.

மேடம் ஊதாப் பேனாவைத் திறந்தார். இதுவரை யாரும் பார்க்காத ஒரு புன்னகை அவர் முகத்தில் இருந்தது. “எனக்கு முப்பது வருஷ சர்வீஸ். இந்தப் பாடத்துல நான் முழு மார்க் போட்டதே இல்ல. இன்னைக்குப் போடறேன். பத்துக்குப் பத்து.”

மறுபடியும் கைதட்டல் கிளம்பியது.

“மேடம், ஒரு நிமிஷம்.”

கூடம் அப்படியே நின்றது. அரை மார்க் அக்கா இன்னும் உட்காரவே இல்லை. “கடைசிப் பத்தி, முதல் வரி. பென்சில்ல ஒரு புள்ளி இருக்கும், பாருங்க.”

மேடம் பார்த்தார். “‘தனித்து நின்று ஒருபோதும்’…” நெற்றி சுருங்கியது. பிறகு மெதுவாக விரிந்தது.

“ஒரு மாநிலத்துல பெரும்பான்மையா இருக்கிறவங்களுக்குக் கூட்டாட்சியே காப்புன்னு முதல் பத்தியில இவங்களே சொல்லி, கனடாவைக் காட்டி நிரூபிச்சிருக்காங்க. அப்புறம் முடிவுல ‘ஒருபோதும்’னு எழுதினா, இவங்க சான்றை இவங்களே மறந்துட்டாங்கன்னு அர்த்தம். ‘எல்லாரையும் பாதுகாப்பதில்லை’ன்னு இருந்திருக்கணும். ஒரு சொல்தான். ஆனா தப்பு தப்புதான் மேடம்.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஒன்பதரை.”

முதலில் சிரித்தது டிக் சார். அவர் சிரிப்பார் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் இரண்டாம் மேசை, ஏழாம் மேசை, மொத்தக் கூடமும். அந்தத் தாளுக்காகத் தன் இடத்தையே பணயம் வைத்தவள், பத்து மார்க் கையில் வந்து விழும்போது நடுவில் நின்று அரையைப் பிடித்து வைக்கிறாள்! அவள் மட்டும் சிரிக்காமல், நியாயம் கிடைக்கிற வரைக்கும் உட்காருவதில்லை என்கிற மாதிரி நின்றாள்.

மேடம் நாலை அடித்தார். பக்கத்தில் ஊதாவில் ஒன்பதரை என்று எழுதி வட்டம் போட்டார். ‘ஒருபோதும்’ என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். பிறகு தாளை டிக் சாரிடம் நீட்டினார். டிக் சார் பச்சைப் பேனாவை எடுத்து, ஊதா பட்ட தாளை யாரும் தொடக் கூடாது என்று தெரிந்தும், ஓரத்தில் ஒரே ஒரு டிக் போட்டார். அவருடைய நாற்பது வருஷத்தில் குறிப்பில் இல்லாத விடைக்குப் போட்ட முதல் டிக் அது. மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி ஒன்பதாம் கேள்விக்குப் போனார்.

மத்தியானத்துக்குள் நகல்கள் வந்தன, இன்னும் சூடாக. மேசைக்கு ஒன்றாக எட்டுத் தாள். சாயங்காலம் கட்டுகளுக்குச் சீல் வைக்கிற நேரத்துக்குள், எட்டாம் கேள்வியில் முப்பத்தொரு விடைகளுக்கு மார்க் ஏறியிருந்தது. அதில் ஏழு அவளே முந்தின நாள் கண்ணை மூடிக்கொண்டு திருத்தியவை. ஒவ்வொன்றாக எடுத்து, அடித்து, கையொப்பமிட்டு, டிக் சாரிடம் பச்சைக்கு நீட்டினாள். அவர் ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டார். ஒரு தாளுக்கு ஒன்பது நிமிஷம் ஆனது.

வாசலில் கணவர் வண்டியோடு காத்திருந்தார். அவள் ஏறி, பையை மடியில் வைத்து, தன் பக்கத்துப் பிரேக்கிலிருந்து காலை நன்றாக விலக்கி நீட்டி உட்கார்ந்தாள்.

“ஜெயிச்சாச்சா?”

“ஒன்பதரை.”

“அந்த மீதி அரையை யார் பிடுங்கினது?” என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே விடை தெரிந்துவிட்டது. வண்டியை எடுத்தார்.

“வீட்டுக்குப் போனதும் ஒரு சட்டம் போடப்போறேன்” என்றாள் அவள். “எல்லா ரூம்லயும் ஃபேன் மூணு.”